நேற்றும் சின்ஸும் ஒரே கோட்டில் வந்தால்

டியூஷனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் முதலில் எழுதிப் போடுவது இந்த வாக்கியத்தைத்தான்: “ஷி _____ எனிதிங் சின்ஸ் யெஸ்டர்டே.” கோடிட்ட இடத்தில் நிரப்பக் கொடுத்திருக்கும் வினை ‘நாட் ஈட்’. நேற்றிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது பொருள். பத்தாம் வகுப்புப் பிள்ளையானாலும் சரி, வங்கித் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரியானாலும் சரி, பெரும்பாலும் வரும் விடை ‘டிட் நாட் ஈட்’ என்பதுதான். ஏன் என்று கேட்டால் விரல் நேராக யெஸ்டர்டேயைக் காட்டும்.

“யெஸ்டர்டே இருக்கு மிஸ். யெஸ்டர்டே வந்தா சிம்பிள் பாஸ்ட்தானே?”

“அதுக்கு முன்னாடி என்ன சொல் இருக்கு?”

“சின்ஸ்.”

“சின்ஸ் வந்தா என்ன எழுதச் சொல்லிக் கொடுத்தாங்க?”

“பிரசன்ட் பெர்பெக்ட்... ஆனா யெஸ்டர்டேயும் இருக்கே மிஸ்.”

இந்த இடத்துக்குப் பிள்ளை தானாக வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வாக்கியத்தை முதலில் போடுகிறேன். கையில் இருக்கும் பட்டியல் இரண்டு விடை சொல்கிறது. வினாத்தாளில் ஒரு விடைக்குத்தான் மதிப்பெண். சரியான விடை ‘ஹேஸ் நாட் ஈட்டன்’. அதைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். ஆனால் ஏன் சின்ஸ் ஜெயித்தது, யெஸ்டர்டே ஏன் தோற்றது என்று விளங்காவிட்டால் அடுத்த தேர்விலும் அதே குழப்பம்தான்.

அந்தப் பட்டியல் தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கணம் படித்த எல்லோருக்கும் பழக்கமானது. நோட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, 1947-ஐப் போன்ற ஆண்டுகள். இவை வந்தால் சிம்பிள் பாஸ்ட். வலது பக்கம் ஆல்ரெடி, ஜஸ்ட், யெட், எவர், நெவர், சின்ஸ், ஃபார். இவை வந்தால் பிரசன்ட் பெர்பெக்ட். பட்டியல் பொய் இல்லை. ரென் அண்ட் மார்ட்டின் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மரியாதையோடு சொல்லும் இலக்கண நூலிலும், முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல்லோடு பிரசன்ட் பெர்பெக்ட் சேராது என்ற விதி இருக்கிறது. இடது பக்கத்துச் சொற்கள் அந்த விதியிலிருந்து வந்தவை. தொல்லை எங்கே என்றால், விதி காலத்தைப் பற்றிப் பேசுகிறது, பட்டியல் சொல்லைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளை வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லை மட்டும் தேடத் தொடங்கிவிடுகிறது.

நான் பலகையில் ஒரு நீளக் கோடு இழுப்பேன். வலது முனையில் ‘இப்போது’ என்று எழுதுவேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த வாக்கியத்தில் சொல்லியிருக்கும் காலம் ‘இப்போது’ வரை வந்து தொடுகிறதா, அதற்கு முன்பே முடிந்துவிட்டதா? ‘யெஸ்டர்டே’ என்று தனியாகச் சொன்னால் அது நேற்று இரவோடு முடிந்த காலம். கோட்டில் இடது பக்கம் ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டுக்கும் ‘இப்போது’ என்ற முனைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ‘சின்ஸ் யெஸ்டர்டே’ என்றால் அதே நேற்றில் தொடங்கி ‘இப்போது’ வரை சாக்பீஸை எடுக்காமல் இழுத்துக்கொண்டே வர வேண்டும். நேற்று அங்கே காலத்தின் பெயர் இல்லை, தொடக்கப் புள்ளி மட்டும்தான். அந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் படிக்கவே கூடாது. பட்டியலை மட்டும் நம்பிய பிள்ளை பிரித்துப் படித்தது, அதனால் தடுமாறியது.

துண்டு முடிந்திருந்தால் சிம்பிள் பாஸ்ட். முனையைத் தொட்டால் பிரசன்ட் பெர்பெக்ட். இதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அடுத்த நாளே “இட் ஹேஸ் ரெய்ன்ட் யெஸ்டர்டே” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். இது கவனக்குறைவு இல்லை. நம் தமிழ் சரியாக வேலை செய்வதால் வரும் பிழை இது.

காலையில் கதவைத் திறக்கிறோம், வாசல் ஈரமாக இருக்கிறது. என்ன சொல்வோம்? “நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்போம். “மழை பெய்தது” என்று சொன்னால் நாம் விழித்திருந்து பார்த்தோம் என்று அர்த்தமாகிவிடும். பீரோ திறந்து கிடந்தால் “திருடன் வந்திருக்கிறான்” என்கிறோம். “வந்தான்” என்று சொல்பவனைப் போலீஸ் உட்கார வைத்து விசாரிக்கும். நடந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, அது விட்டுச்சென்ற அடையாளத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதற்குத் தமிழ் ‘இருக்கிறது’ என்பதை ஒட்டவைக்கிறது. அது நேற்றா, போன மாதமா என்று தமிழ் கவலைப்படுவதில்லை. நேற்றைச் சேர்த்துச் சொல்வதற்கும் தடை எதுவும் இல்லை.

ஆங்கிலத்தின் ஹேவ், ஹேஸ் அப்படி அல்ல. பார்த்தாயா, ஊகித்தாயா என்று அது கேட்பதில்லை. காலம் ‘இப்போது’ வரை வருகிறதா என்றுதான் கேட்கிறது. ஆனால் பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? ‘வந்திருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஹேவ் கம்’. “மாமா வந்திருக்கார்” என்றால் “அங்கிள் ஹேஸ் கம்”. மாமா இன்னும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் வரை அந்தச் சமன்பாடு பொருந்தும். “நான் டெல்லி போயிருக்கிறேன்” என்றால் “ஐ ஹேவ் பீன் டு டெல்லி”, அதுவும் பொருந்தும். “2019-ல் நான் டெல்லி போயிருக்கிறேன்” என்று ஆண்டைச் சேர்த்தவுடன் ஆங்கிலம் மறுத்துவிடுகிறது. “ஐ வென்ட் டு டெல்லி இன் 2019” என்றுதான் வர வேண்டும். தமிழில் இரண்டு வாக்கியமும் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் ஆண்டு நுழைந்ததும் வடிவம் மாறுகிறது.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பழகும் இளைஞர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் நிமிடத்திலேயே “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2020” என்பார்கள். ‘முடித்திருக்கிறேன்’ என்று தமிழில் பணிவாகச் சொல்வதன் நேர் உரு அது. பட்டம் கையில் இருக்கிறது, அதன் பலன் இன்றும் இருக்கிறது என்று அவர்கள் வாதிடுவார்கள். நியாயமான வாதம். ஆண்டைச் சொல்லாமல் “ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி” என்று நிறுத்தினால் அந்த வாதம் செல்லும். ஆண்டைச் சொல்ல வேண்டுமானால் “ஐ கம்ப்ளீட்டட்” போதும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: ஆண்டை, அல்லது ஹேவை.

இதில் நாம் மட்டும் தடுமாறுகிறோம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஜெர்மன் பேச்சிலும் பிரெஞ்சிலும் ‘நேற்று அவனைப் பார்த்தேன்’ என்பதை ‘ஹேவ்’ போன்ற துணைவினையைப் போட்டுத்தான் சொல்வார்கள். அவர்களும் ஆங்கிலம் கற்கும்போது இதே இடத்தில் இடறுகிறார்கள். வுல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1992-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ‘தி பிரசன்ட் பெர்பெக்ட் பஸில்’. நிகழ்ச்சி கடந்த காலத்தில்தானே நடந்தது, அப்படியிருக்க அது நடந்த நேரத்தைச் சொன்னால் மட்டும் ஆங்கிலம் ஏன் ஏற்பதில்லை என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட புதிர். மொழியியலாளர்கள் உட்கார்ந்து யோசித்த இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை தயங்குவதில் வியப்பில்லை என்று வகுப்பில் சொல்வேன்.

எதிர்மறை வாக்கியத்தில் நிலைமை இன்னும் சிக்கல். “அவன் வரவில்லை.” இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால் ‘ஹி டிட் நாட் கம்’ என்றும் சொல்லலாம், ‘ஹி ஹேஸ் நாட் கம்’ என்றும் சொல்லலாம். தமிழில் ‘இல்லை’ சேர்ந்ததும் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. “நேற்று சாப்பிடவில்லை”, “நேற்றிலிருந்து சாப்பிடவில்லை”, இரண்டிலும் வினை ஒன்றுதான். ஆகவே ‘நாட்’ இருக்கும் கோடிட்ட இடத்தில் தமிழாக்கிப் பார்த்து விடை கண்டுபிடிக்கும் வழி பயன்படாது. நான் அந்த முதல் வாக்கியத்தை எதிர்மறையில் அமைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலகைக் கோடு ஒன்றுதான் அங்கே துணை.

இனி ஆல்ரெடி. பட்டியலின் வலது பக்கத்தில் இதுதான் அதிகம் ஏமாற்றும் சொல். யெஸ்டர்டே ஒரு காலத்தின் பெயர். ஆல்ரெடி காலத்தின் பெயரே இல்லை. ‘நினைத்ததற்கு முன்பே’ என்ற அளவில்தான் அது பேசும். எதற்கு முன்பே என்பதை வாக்கியத்தின் மற்ற பகுதியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். “ஐ ஹேவ் ஆல்ரெடி பெய்ட் தி ஃபீஸ்” என்றால் இப்போதைக்கு முன்பே. “வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் _____ ஆல்ரெடி _____” என்ற வாக்கியத்தில், நாம் ஸ்டேஷனுக்கு வந்த அந்தக் கடந்த நேரத்துக்கு முன்பே. அங்கே ‘ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்’. ஆல்ரெடியைப் பார்த்ததும் ‘ஹேஸ்’ எழுதியவர்கள் வாக்கியத்தின் முன்பாதியில் இருக்கும் ‘ரீச்ட்’டைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

ஆல்ரெடியும் யெஸ்டர்டேயும் சேர்ந்து வந்தால்? “ஐ ஆல்ரெடி _____ தி ஃபீஸ் யெஸ்டர்டே.” நேற்றே கட்டியாச்சு என்கிறோமே, அதுதான். காலத்தின் பெயரைச் சொல்லியாகிவிட்டது, அது முடிந்த காலம், ஆகவே ‘பெய்ட்’. ஆல்ரெடியால் அதை அசைக்க முடியாது. ஆனால் இந்த வாக்கியத்தையும் பாருங்கள்: “ஐ _____ ஆல்ரெடி _____ தி லெட்டர் யூ _____ யெஸ்டர்டே.” நிரப்ப வேண்டிய வினைகள் ‘ரீட்’, ‘செண்ட்’. இங்கேயும் இரண்டு சொற்களும் இருக்கின்றன, ஆனால் சண்டை இல்லை. நேற்று என்பது நீ அனுப்பியதைச் சேர்ந்தது. நான் படித்ததைச் சேர்ந்தது அல்ல. ஆகவே ‘ஹேவ் ஆல்ரெடி ரெட்’, பிறகு ‘செண்ட்’ என்பதன் கடந்த கால வடிவமான ‘சென்ட்’. நேற்று நீ அனுப்பிய கடிதத்தை நான் படித்துவிட்டேன்.

காலச் சொல் எந்த வினைக்குச் சொந்தம் என்று பார்ப்பதைத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் பழக்குகிறேன். பென்சிலால் யெஸ்டர்டேயிலிருந்து அதன் வினைக்கு ஒரு வில் போடச் சொல்வேன். பிறகு ஆல்ரெடியிலிருந்து அதன் வினைக்கு. வில்கள் ஒன்றையொன்று வெட்டாமல் தனித்தனியாக இறங்கினால் இரண்டு வினைக்கும் இரண்டு விடை. இரண்டு வில்லும் ஒரே வினையில் வந்து இறங்கினால் காலத்தின் பெயரைச் சொல்லும் சொல்லுக்கே அதிகாரம். “ஐ ஹேவ் ரெட் யெஸ்டர்டேஸ் பேப்பர்” என்பதில் வில் வினைக்கே போகாது, பேப்பரோடு நின்றுவிடும். நேற்றைய பேப்பரை இன்று படிக்கலாம். அதனால் ஹேவ் வருவதற்குத் தடை இல்லை.

ஆல்ரெடி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படங்கள் பார்க்கும் பிள்ளைகள் “ஐ ஆல்ரெடி டோல்ட் யூ” என்று எழுதுகிறார்கள். அது அமெரிக்கப் பேச்சில் இயல்பான வாக்கியம். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுபவை. அங்கே “ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ” என்பதே எதிர்பார்க்கப்படும் விடை. அமெரிக்க வடிவத்தைத் தவறு என்று நான் சிவப்பு மையால் அடிப்பதில்லை. பக்கத்தில் தேர்வுக்குரிய வடிவத்தை எழுதிக் கொடுப்பேன். கோடு ஆல்ரெடிக்கு இரண்டு பக்கமும் இருந்தால் ஒரு துணைவினையும் ஒரு முதன்மை வினையும் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது ‘டோல்ட்’ என்ற ஒற்றைச் சொல்லால் அதை நிரப்பவே முடியாது. கோடு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் வாக்கியத்தைப் படிப்பதில் சேர்த்திதான்.

சின்ஸ் வரும் வாக்கியத்தில் ஒரு வினை மட்டும் இருந்தால் வேலை எளிது. இரண்டு வினை இருக்கும்போதுதான் நல்ல மாணவர்களும் மதிப்பெண்ணை விடுகிறார்கள். “ஐ _____ ஹிம் சின்ஸ் வி _____ இன் ஸ்கூல்.” வினைகள் ‘நோ’, ‘பீ’. பள்ளியில் இருந்த காலத்திலிருந்து அவனை எனக்குத் தெரியும். சின்ஸ் இருக்கிறது என்று இரண்டு கோட்டிலும் ஹேவ் போடுவார்கள். சின்ஸுக்குப் பின்னால் வருவது தொடக்கப் புள்ளி, பள்ளி முடிந்துபோனது, ஆகவே ‘வேர்’. சின்ஸுக்கு முன்னால் இருப்பது அந்தப் புள்ளியிலிருந்து இன்றுவரை நீளும் பழக்கம். ஆகவே ‘ஹேவ் நோன்’. பலகைக் கோட்டில் புள்ளி ஒரு வினை, அதிலிருந்து நீளும் கோடு இன்னொரு வினை. இதில் தமிழ் இன்னொரு பக்கமும் இழுக்கும். “2015-லிருந்து இங்கே இருக்கிறேன்” என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் “ஐ ஆம் ஹியர் சின்ஸ் 2015” என்று பேனா ஓடும். ஆங்கிலத்தில் “ஐ ஹேவ் பீன் ஹியர்”.

சின்ஸ் என்றால் எப்போதும் ‘இருந்து’ என்பதும் இல்லை. “சின்ஸ் இட் _____ யெஸ்டர்டே, தி மேட்ச் _____ கேன்சல்ட்” என்பதில் அது ‘மழை பெய்ததால்’ என்ற காரணச் சொல். காலத்தோடு அதற்கு வேலை இல்லை. விடைகள் ‘ரெய்ன்ட்’, ‘வாஸ்’. சின்ஸுக்குப் பிறகு ‘லிருந்து’ போட்டுப் படித்துப் பார், பிறகு ‘ஆல்’ போட்டுப் படித்துப் பார், எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள் என்பேன். இந்தச் சோதனைக்குச் சில நொடிகள்தான் ஆகும்.

இப்போது ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். தனி வாக்கியங்களைவிடப் பத்தி கடினம், ஏனென்றால் காலச் சொல் ஒரு வாக்கியத்தில் இருக்கும், அதன் பிடி அடுத்த வாக்கியத்திலும் தொடரும். திருச்சிக்குக் குடிமாறிய ஒரு பெண் தன் மாமாவுக்கு எழுதும் கடிதமாக நான் அமைத்துக்கொண்டது இது. வினைகள் வரிசைப்படி: மூவ், நாட் டேக், மேக், டேக், பீ, கம், சீ, நாட் ரிசீவ், போஸ்ட்.

“வி (1) _____ டு திருச்சி லாஸ்ட் ஜூன். சின்ஸ் தென், அப்பா (2) _____ எ சிங்கிள் டே ஆஃப். ஐ (3) _____ ஆல்ரெடி _____ த்ரீ ஃப்ரெண்ட்ஸ். யெஸ்டர்டே ஒன் ஆஃப் தெம் (4) _____ மி டு தி ராக்ஃபோர்ட். அம்மா (5) _____ இல் சின்ஸ் வி (6) _____ ஹியர், பட் ஷி (7) _____ எ டாக்டர் டூ டேஸ் அகோ. ஐ (8) _____ தி புக்ஸ் யூ (9) _____ லாஸ்ட் வீக் யெட்.”

முதல் கோட்டில் போன ஜூன் என்ற முடிந்த காலம்: ‘மூவ்ட்’. இதில் எவரும் தவறு செய்வதில்லை. இரண்டாவதில் ‘சின்ஸ் தென்’ அந்த ஜூனிலிருந்து இன்றுவரை கோட்டை இழுக்கிறது. அப்பா இத்தனை நாளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை: ‘ஹேஸ் நாட் டேக்கன்’. முதல் வாக்கியத்தின் கடந்த கால வேகத்தில் ‘டிட் நாட் டேக்’ என்று எழுதிவிடுபவர்கள் இங்கே நிறையப் பேர். மூன்றாவதில் காலத்தின் பெயர் எதுவும் இல்லை, ஆல்ரெடி மட்டும். இப்போதைக்கு முன்பே என்று எடுத்துக்கொள்ள வேண்டும், கோடும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: ‘ஹேவ் ஆல்ரெடி மேட்’.

நான்காவது கோடு மூன்றாவதை அடுத்து வருவதால் கைப்பழக்கத்தில் ‘ஹேஸ் டேக்கன்’ வரும். வாக்கியத்தின் தலையிலேயே யெஸ்டர்டே நிற்கிறது. வேறு வினையும் அந்த வாக்கியத்தில் இல்லை. வில் போட வேறு இடமில்லை: ‘டுக்’. மலைக்கோட்டைக்குப் போய்த் திரும்பியாகிவிட்டது.

ஐந்தும் ஆறும் ஏழும்தான் இந்தப் பத்தியின் கடினமான பகுதி. மூன்றும் ஒரே வாக்கியத்தில், அம்மாவைப் பற்றியவை. இங்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை; இரண்டு நாளுக்கு முன் டாக்டரைப் பார்த்தாள். உடம்பு சரியில்லாமல் இருப்பது இன்றும் தொடர்கிறது: ‘ஹேஸ் பீன்’. வந்தது தொடக்கப் புள்ளி: ‘கேம்’. டாக்டரைப் பார்த்தது ‘டூ டேஸ் அகோ’, அது முடிந்த ஒரு துண்டு: ‘சா’. சின்ஸின் பிடி ‘பட்’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு ஏழாவது கோடு எளிது. கவனிக்காதவர்கள் ‘ஹேஸ் சீன்’ என்று எழுதுவார்கள். பக்கத்தில் ‘அகோ’ இருப்பதைப் பார்த்தும் எழுதுவார்கள், ஏனென்றால் அவர்கள் காதில் “டாக்டரைப் பார்த்திருக்கிறாள்” என்ற தமிழ் கேட்டுக்கொண்டிருக்கும்.

கடைசி வாக்கியத்தில் ‘லாஸ்ட் வீக்’ நடுவில் இருக்கிறது, ‘யெட்’ முனையில் இருக்கிறது. போன வாரம் என்பது மாமா தபாலில் சேர்த்ததைச் சேர்ந்தது: ‘போஸ்டட்’. ‘யெட்’ என்ற சொல்லின் வில் நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டி எட்டாவது கோட்டுக்குப் போகிறது. புத்தகங்கள் இன்னும் வந்து சேரவில்லை: ‘ஹேவ் நாட் ரிசீவ்ட்’. அருகில் இருக்கும் காலச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, ஒன்பதாவது கோட்டில் ‘ஹேவ் போஸ்டட்’ என்று எழுதி, எட்டில் ‘டிட் நாட் ரிசீவ்’ என்று எழுதி, இரண்டு மதிப்பெண்ணையும் இழந்துவிடும்.

பிழைத்திருத்தும்போது நான் விடையை மட்டும் பார்ப்பதில்லை, பென்சில் வில்லையும் பார்க்கிறேன். வில் சரியாகப் போட்டுவிட்டு இரண்டாவது கோட்டில் ‘ஹேஸ் நாட் டுக்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் காலம் புரிந்துவிட்டது, வினையின் மூன்றாம் வடிவம்தான் தெரியவில்லை. அதை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும். வில் தவறாக இருந்து விடை மட்டும் சரியாக இருந்தால் அது குருட்டாம்போக்கில் வந்த மதிப்பெண். இரண்டாவது வகைப் பிள்ளையோடுதான் நான் அதிகம் உட்கார வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, சில கோடிட்ட இடங்களுக்கு இரண்டு விடையும் சரியாக இருக்கும். “ஐ _____ ஹிம் திஸ் மார்னிங்.” வினை ‘நாட் சீ’. காலை பத்து மணிக்குச் சொன்னால் காலைப்பொழுது இன்னும் முடியவில்லை: ‘ஹேவ் நாட் சீன்’. மாலை ஆறு மணிக்குச் சொன்னால் அது முடிந்த துண்டு: ‘டிட் நாட் சீ’. “ஹி _____ இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்” என்பதும் அப்படியே. இன்னும் மதுரையில் இருந்தால் ‘ஹேஸ் லிவ்ட்’. ஊரைவிட்டுப் போயிருந்தாலோ காலமாகியிருந்தாலோ ‘லிவ்ட்’. ‘ஃபார்’ கால அளவைச் சொல்லுமே தவிர, அந்த அளவு எங்கே முடிந்தது என்று சொல்லாது. சின்ஸோடு அதை ஒரே கட்டத்தில் போட்டுவைத்ததுதான் பட்டியலின் பெரிய குறை. ஒரு வழிகாட்டி நூலின் விடைப் பகுதியில் இந்த மதுரை வாக்கியத்தைப் போன்ற ஒன்றுக்கு ‘ஹேஸ் லிவ்ட்’ மட்டுமே விடை என்று அச்சிட்டிருந்தார்கள். ‘லிவ்ட்’ என்று எழுதி மதிப்பெண் இழந்த என் மாணவி, “அவர் செத்துப்போயிருந்தா என்ன மிஸ்?” என்று கேட்டாள். அவள் கேட்டது முழுக்கச் சரி.

‘ஜஸ்ட்’, ‘ஜஸ்ட் நவ்’ இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. “ஹி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்”, “ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்” என்பது தேர்வில் ஏற்கப்படும் வழக்கு. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்று உண்டு. ‘ஃபார்’, ‘திஸ் மார்னிங்’, ‘டுடே’, ‘ரீசென்ட்லி’ போன்ற சொற்களைத் தனி வாக்கியத்தில் வைத்துக் கோடு போடாதீர்கள். முன்னாலோ பின்னாலோ இன்னொரு வாக்கியம் சேருங்கள். “ஹி ஸ்டில் வொர்க்ஸ் தேர்” என்று மூன்று நான்கு சொல் போதும். அவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிடும், விடை ஒன்றாகிவிடும். அப்படிச் சேர்க்க இடமில்லை என்றால் விடைக்குறிப்பில் இரண்டு விடையையும் எழுதி, இரண்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.